எந்தத் தாளுக்கு இயந்திரம் போதும்?

மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து மளிகைக் கடைகளில் இப்போது இது சாதாரணக் காட்சி. பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ ஒப்பந்த வேலைக்கு வந்தவர் கைபேசியிடம் தன் மொழியில் பேசுவார். அது தமிழில் ஒப்பிக்கும். "துவரம் பருப்பு ஒரு கிலோ" என்பது ஒழுங்காக வரும். "மீதியைச் சம்பளத்தன்று தருகிறேன்" என்பது கோணலாக வரும். கடைக்காரர் "என்னப்பா, என்னைக்குத் தருவே?" என்பார். வந்தவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடும்.

அதே தொழிலாளி வேலைக்குப் போகும் ஆலையின் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதையும் அதே செயலியில் கொடுத்து மொழிபெயர்த்து, எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அச்சடித்திருந்தால் அதை ஏற்றுக்கொள்வோமா? மாட்டோம் என்றுதான் மனம் சொல்கிறது. செயலி ஒன்றுதான், மொழிகளும் அவையேதான். கடையில் அது போதும், வாசலில் போதாது. ஏன்?

"கடையில் பேசுவது எளிய வாக்கியம், பலகையில் இருப்பது கடின வாக்கியம்" என்று பதில் வரும். அது பாதி பதில்தான். "இயந்திரம் நூற்றுக்குத் தொண்ணூறு சரி, மீதி பத்தைத் திருத்திக்கொண்டால் ஆயிற்று" என்பது இன்னொரு பதில். எந்தப் பத்து என்று தெரிந்தால் திருத்தலாம். அது ஏன் தெரிவதில்லை என்று பார்க்க, இயந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

அரிசியில் வெள்ளைக் கல்

2017-க்கு முன் தமிழுக்குக் கிடைத்த இயந்திர மொழிபெயர்ப்பை நினைவிருப்பவர்களுக்கு அதன் தமிழும் நினைவிருக்கும். ஏற்கெனவே மொழிபெயர்த்த நூல்களிலிருந்து சொற்றொடர்த் துண்டுகளை எடுத்து ஒட்டும் முறை அது. ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும். வினைச்சொல் நடுவில் நிற்கும், வேற்றுமை உருபு காணாமல் போகும். தவறு இருக்கும் இடத்தைத் தமிழ் தெரிந்த எவரும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

அதன் பிறகு வந்தது நரம்புவலை முறை. இது மூல வாக்கியம் முழுவதையும் எண்களின் கோவையாக உள்வாங்கிக்கொண்டு, தமிழில் ஒவ்வொரு சொல்லாக எழுதிக்கொண்டு போகிறது. அடுத்த சொல் எது என்று தீர்மானிக்க இரண்டு சங்கதிகளைச் சேர்த்துப் பார்க்கிறது. மூலத்தில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. இதுவரை எழுதிய தமிழுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்பது மற்றொன்று. மூலம் அதற்குப் பழகியதாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகும். மூலத்தில் அரிய கலைச்சொல்லோ, சிக்கலான எதிர்மறையோ வந்தால் முதலாவது தளர்ந்துவிடும், இரண்டாவது தளராது. அப்போது கிடைப்பது வேறு விஷயத்தைச் சொல்லும் நல்ல தமிழ் வாக்கியம்.

அரிசி பொறுக்கியவர்களுக்குத் தெரியும்: கறுப்புக் கல் கண்ணில் படும், வெள்ளைக் கல் படாது. பழைய முறை கறுப்புக் கல்லைக் கலந்து கொடுத்தது. புதிய முறையில் கல் குறைவு, ஆனால் இருக்கிற கல் அரிசி நிறத்தில் இருக்கிறது.

ஓர் ஆலைக் குறிப்பை எடுத்துக்கொள்வோம்: "அழுத்தம் 2 பாருக்குக் கீழே இறங்கும் வரை வால்வைத் திறக்க வேண்டாம்." மூலத்தின் எதிர்மறை நழுவிவிட்டால் இது "அழுத்தம் 2 பாருக்குக் கீழே இறங்கும் வரை வால்வைத் திறந்து வைக்கவும்" என்று ஆகும். இரண்டுமே பிழையற்ற தமிழ். இரண்டுமே ஆலையில் யாரோ சொல்லக்கூடிய கட்டளைகள்தாம். தமிழை மட்டும் படிப்பவர் இரண்டாவதைப் பார்த்துத் திடுக்கிடக் காரணமே இல்லை.

எப்படித் தெரியும்?

இயந்திரத்தின் தரத்தை அளக்க நெடுங்காலமாகப் புழங்கும் அளவுகோல் ஒன்று 2002-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவானது, அதன் பெயர் ப்ளூ. மனிதர் செய்த மொழிபெயர்ப்பையும் இயந்திரம் செய்ததையும் அருகருகே வைத்து, எத்தனை சொல்வரிசைகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுவது அதன் வேலை. வால்வுக் குறிப்பை அதில் போட்டுப் பாருங்கள். கடைசியில்தான் வித்தியாசம், மற்றச் சொற்கள் எல்லாம் அச்சாக ஒத்துப்போகின்றன. மதிப்பெண் நன்றாகவே வரும். சராசரி மதிப்பெண்ணுக்கு எந்தச் சொல் ஆளைக் கொல்லும் என்று தெரியாது.

ஆகவே வேறு விதமாக அளக்க வேண்டியிருந்தது. அமெரிக்க மருத்துவமனைகளில், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்புகளை வைத்துச் சிலர் அதைச் செய்தார்கள். 2019-ல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட 100 குறிப்புகளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் கொடுத்து, வாக்கியம் வாக்கியமாக ஆட்களைக் கொண்டு சரிபார்த்தார்கள். ஸ்பானிய மொழியில் 92 சதவீத வாக்கியங்கள் சரி, சீன மொழியில் 81 சதவீதம். அத்தோடு நிறுத்தாமல், தவறான வாக்கியத்தை நோயாளி நம்பினால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். கணிசமான தீங்கு விளையக்கூடியவை ஸ்பானிய மொழியில் 2 சதவீதம், சீனத்தில் 8 சதவீதம். 2021-ல் இன்னொரு குழு ஏழு மொழிகளில் சோதித்தது. பொருள் சிதையாமல் வந்தவை ஸ்பானியத்தில் 94 சதவீதம். ஆர்மீனிய மொழியில் 55 சதவீதம்தான். வலிக்கு இபுப்ரோஃபென் மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்ற குறிப்பு, ஆர்மீனிய மொழியில் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையை எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தது.

அந்த ஏவுகணை பத்திரிகைகளிலும் வந்தது. உண்மையில் அது ஆபத்து குறைந்த தவறு. படித்தவர் சிரித்துவிட்டு மருத்துவரிடம் மறுபடி கேட்பார். இதைவிடப் பயப்பட வேண்டியது வேறு வகைத் தவறு. ஒரு மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்ல ஆங்கிலத்தில் மருத்துவர்கள் "ஹோல்ட்" என்று எழுதுவார்கள். அதை இயந்திரம் "வைத்திரு" என்று எடுத்துக்கொண்டால் நோயாளி மருந்தைத் தொடர்வார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, சந்தேகப்படவும் ஒன்றுமில்லை.

தமிழ் அந்த ஆய்வுகளில் இல்லை. ஆனால் மொழிக்கு மொழி தரம் ஏன் இத்தனை மாறுகிறது என்பதில் நமக்குப் பாடம் உண்டு: எந்த மொழியில், எந்தத் துறையில் இணை உரைகள் நிறையக் கிடைத்தனவோ அங்கே இயந்திரம் நன்றாகச் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2023-ல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது. தமிழ்ச் செய்திக்கும் அரசு அறிவிப்புக்கும் இன்றைய இயந்திரங்கள் நன்றாகவே பழகியிருக்கின்றன. அழுத்தக்கலன், நிவாரண வால்வு பற்றியெல்லாம் ஆங்கிலமும் தமிழுமாக ஒத்துப்பார்த்த உரை நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால், ஆலைத் தாளில் அது ஏன் தடுமாறும் என்பது விளங்கும்.

வானிலை ஜெயித்தது, விமானம் தோற்றது

எது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை என்பதற்கு வரலாற்றில் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஆங்கில வானிலை அறிக்கைகளைப் பிரெஞ்சுக்கு மாற்றும் மெட்டியோ என்ற அமைப்பை உருவாக்கியது. 1977-ல் அது அன்றாடப் பணிக்கு வந்து 2001 வரை ஓடியது. அதே குழு விமானத்தின் ஹைட்ராலிக் பாகங்களைப் பழுதுபார்க்கும் கையேடுகளையும் மொழிபெயர்க்க முயன்றது. அந்தத் திட்டம் 1981-ல் கைவிடப்பட்டது. வந்ததைத் திருத்தி முடிப்பதற்குள், மனிதரையே முதலிலிருந்து எழுதச் சொன்னதைவிடச் செலவு கூடிவிட்டது.

ஆட்கள் அவர்களே, மொழிகளும் அவையே. வானிலை அறிக்கையில் சொற்கள் குறைவு, வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப ஒன்றுதான். இன்னொரு நல்ல குணமும் மெட்டியோவுக்கு இருந்தது. தன் இலக்கணத்துக்குள் அடங்காத வாக்கியம் வந்தால் அதைத் தொடாமல் மனித மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு அனுப்பிவிடும். தனக்குத் தெரியாதது எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. இன்றைய நரம்புவலைக்கு அந்த அடக்கம் கிடையாது. எதைக் கொடுத்தாலும் ஒரே தன்னம்பிக்கையோடு ஒன்றை எழுதிக் கொடுக்கும்.

நம் காசிமேட்டிலும் வானிலை அறிக்கைக்கு ஒப்பான தாள் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய கடற்பரப்பைச் செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு கணித்துத் தமிழிலும் வெளியிடுகிறது. இறங்குதளத்தின் பெயர், அங்கிருந்து திசை, தூரம், ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை: இவ்வளவுதான். இப்படிப்பட்ட கட்டத்தை இயந்திரம் நிரப்பலாம். எண்ணும் ஊர்ப்பெயரும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒருவர் பார்த்தால் போதும்.

இரண்டு வகைத் திருத்தம்

இயந்திரம் கொடுத்ததை மனிதர் சரிசெய்வதைப் பின்திருத்தம் என்று சொல்லலாம். அதில் இரண்டு வகை. பொருள் புரிகிறதா, அப்பட்டமான பிழை உண்டா என்று மட்டும் பார்ப்பது மேலோட்டத் திருத்தம். நடை அழகாக இல்லாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, மனிதர் செய்ததற்கு நிகராகக் கொண்டுவருவது முழுத் திருத்தம். 2017-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 18587 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்த முழுத் திருத்தத்துக்கானது. மனித மொழிபெயர்ப்புக்கான ஐ.எஸ்.ஓ. 17100 இன்னொன்றையும் கேட்கிறது: மொழிபெயர்த்தவர் தவிர இரண்டாவது ஆள் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

நடைமுறையில் மேலோட்டத் திருத்தம் என்றால் தமிழை மட்டும் வாசித்துக்கொண்டு போவதாகவே முடிகிறது. எங்கே இடறுகிறதோ அங்கே மட்டும் மூலத்தைப் பார்ப்பார்கள். அதாவது கறுப்புக் கல்தான் கையில் வரும். தமிழ் எவ்வளவு சரளமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கண் ஓடிவிடும். "சரளமாக இருக்கிறது, ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் போதும்" என்ற முடிவு இதனால்தான் தலைகீழானது.

எண்ணூரில் ஓர் இரவு

2023 டிசம்பர் 26, நள்ளிரவுக்குச் சற்று முன். எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கடலிலிருந்து வரும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்து ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அமோனியா கையாளும் ஆலை எதிலும் இரண்டு தாள்கள் தமிழில் இருக்க வேண்டும். ஒன்று, உள்ளே வேலை செய்பவருக்கான பாதுகாப்புக் குறிப்பு. மற்றொன்று, வெளியே வாழ்பவருக்கான அறிவிப்பு. போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, ஆபத்தையும் தற்காப்பையும் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் சுற்றுவட்டாரப் பொதுமக்களுக்கும் தெரிவிக்கும் கடமையை ஆலைக்கு வைத்தது. சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளிகளுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 108-வது பிரிவு.

முதல் தாளில், கசிவின்போது செய்ய வேண்டியவற்றில் இரண்டு வரிகள் வரும். "ஆவியை அடக்கத் தண்ணீரைத் தூவவும்" என்பது ஒன்று. "கசிவின் மீது தண்ணீரைப் பாய்ச்ச வேண்டாம்" என்பது மற்றொன்று. தொழில் தெரியாத திருத்துநர் இதைப் பார்த்தால் முரண் என்று நினைப்பார். இயந்திரம் எங்கோ குழப்பிவிட்டது என்று ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப்போகும்படி "சரி" செய்துவிடுவார். உண்மையில் இரண்டும் சரி. காற்றில் பரவிய அமோனியா ஆவி தண்ணீர்த் தூவலில் கரைந்துவிடும். கீழே தேங்கிய திரவ அமோனியாவோ தண்ணீரின் உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்ந்தது. அதற்குச் சாதாரணத் தண்ணீரே கொதிக்கும் வெந்நீர் மாதிரி. ஊற்றினால் சீறி எழுந்து மேகம் பெரிதாகும். இந்த வரிகளைத் தமிழாக்க மொழி தெரிந்தால் மட்டும் போதாது. முழுத் திருத்தமும், அந்த வேலை தெரிந்த இரண்டாவது ஆளும் வேண்டும்.

இரண்டாவது தாளில் ஆங்கில மூலம், காற்றுவரும் பக்கமாகவோ காற்றுக்குக் குறுக்காகவோ விலகிப் போகச் சொல்லும். அதை "காற்றின் திசைக்கு எதிராகச் செல்லவும்" என்று தமிழாக்கினால் அகராதிப்படி குற்றமில்லை. பெரியகுப்பத்தில் நள்ளிரவில் நிற்பவருக்கு அதன் பொருள் என்ன? கடலிலிருந்து காற்று வீசும்போது கடலில் கசிந்தால், காற்றுக்கு எதிராகப் போவது என்பது கசிவை நோக்கிப் போவது. மேற்கே ஊருக்குள் ஓடுவதோ மேகத்தோடு சேர்ந்து ஓடுவது. அங்கே விலகும் வழி கரையோரமாக வடக்கே அல்லது தெற்கே. ஆகவே அந்தத் தாள் இப்படி இருக்க வேண்டியிருக்கும்: "கடல்காற்று அடிக்கும்போது நெடி வந்தால் மேற்கே ஓடாதீர்கள். கரையோரமாக விலகிப் போங்கள். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்." எந்தக் குப்பம் எந்தப் பக்கம் போவது என்பதை ஆலையின் பாதுகாப்புப் பொறியாளரும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். இது மொழிபெயர்ப்பே அல்ல. தமிழில் புதிதாக எழுத வேண்டிய தாள். இதில் இயந்திரத்துக்கு வேலையே இல்லை.

கசிவுக்குப் பிறகு வந்த தாள் மூன்றாவது வகை. ஆலை வாசலருகே காற்றில் அமோனியா கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 24 மணி நேரத்துக்கான வரம்பு 400. இந்த ஒரு வரியில் மைக்ரோ என்பது மில்லி என்று மாறினால் அளவு ஆயிரம் மடங்காகும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் நலவியல் நிறுவனம் வகுத்த அளவு ஏறக்குறைய 209 மில்லிகிராம். 2,090 மில்லிகிராம் என்றால் அதைப்போல் பத்து மடங்கு. இந்தத் தாளின் நடை சுமாராக இருக்கலாம். எண்ணையும் அலகையும் மட்டும் ஒருவர் தனியாக மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டால், மற்றதை மேலோட்டமாகப் பார்த்து வெளியிடலாம்.

சரிபார்க்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. வந்த தமிழை அதே இயந்திரத்தில் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்ப்பது பலரின் வழக்கம். போன வழியிலேயே திரும்பி வருவதால், போகும்போது செய்த தவறு வரும்போது மறைந்துவிடலாம். இதைவிட நம்பகமான வழி, மூலத்தைப் பார்த்திராத ஒரு தொழிலாளியிடம் தாளைக் கொடுத்து, "இதைப் படிச்சா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்பது. செய்துகாட்டச் சொன்னால் இன்னும் நல்லது.

மூன்று கேள்விகள்

இனி முதல் புதிருக்கு விடை சொல்லலாம். மளிகைக் கடையில் பொத்தானை அமுக்கியவரே பயனாளி. இயந்திரம் பேசுகிறது என்று இருவருக்கும் தெரியும். ஆகவே சந்தேகத்தோடு கேட்கிறார்கள், புரியாவிட்டால் திரும்பக் கேட்கிறார்கள். தவறினால் ஐம்பது ரூபாய் நஷ்டம், மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். ஆலை வாசலில் பலகையைத் திரும்பக் கேட்க முடியாது. நிறுவனத்தின் பெயர் போட்டிருப்பதால் படிப்பவரின் சந்தேகமும் போய்விடுகிறது.

ஆகவே ஒரு தாள் கையில் வந்ததும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். தவறு இருந்தால் வாசகரால் சந்தேகப்படவும் திரும்பக் கேட்கவும் முடியுமா? முடியாவிட்டால், வரும் நஷ்டத்தைப் பின்னால் ஈடுகட்ட முடியுமா? தாள் யார் பெயரில், எந்தச் சட்டக் கடமைக்காக வெளியாகிறது? கடைசிக் கேள்விக்கு அமெரிக்கா 2024-ல் விதியே வகுத்துவிட்டது: மருத்துவத்தில் உரிமையையோ பலனையோ பாதிக்கும் தாளை, துல்லியம் இன்றியமையாத தாளை இயந்திரம் மொழிபெயர்த்திருந்தால், தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

இந்தக் கேள்விகள் ஒரே ஆவணத்தைக்கூடக் கூறுபோடும். புதிய மின்நிலையமோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். 2006-ன் அறிவிக்கை மாநில மொழியில் கேட்பது அதன் சுருக்கத்தை. முழு அறிக்கையை மீனவர் ஒருவர் கைபேசியில் இயந்திரத் தமிழில் புரட்டினால் அதில் தவறில்லை. வெந்நீர் கடலில் எங்கே விழும் என்று சொல்லும் பக்கம் எது என்று அது காட்டிக்கொடுக்கும். தேட உதவும் வாசிப்பு அது. ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எதிர்த்தோ ஆதரித்தோ பேச எடுத்துக்கொண்டு போகும் பக்கத்தை, மனிதர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அதிகாரபூர்வமான தமிழ்ச் சுருக்கமோ முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பதிப்புத் தரத்தில் இருந்தாக வேண்டும். மக்கள் அதை நம்பித்தான் பேசப்போகிறார்கள்.

இயந்திரத் தமிழை வெளியிடுவோர் அது இயந்திரத் தமிழ் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவது குறைந்தபட்ச நேர்மை. உச்ச நீதிமன்றம் சுவாஸ் என்ற கருவியைத் துணைக்கு வைத்து, ஆட்களைக் கொண்டும் சரிபார்த்து மாநில மொழிகளில் தரும் தீர்ப்புகளில்கூட, ஆங்கிலத் தீர்ப்பே அதிகாரபூர்வமானது என்ற குறிப்பு இருக்கிறது. அப்படி ஒரு வரி இருந்தால் வாசகரின் சந்தேகம் உயிரோடிருக்கும்.

உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ மொழிபெயர்ப்புக்குப் பணம் குறைவாகத்தான் இருக்கும். கேண்டீன் சுற்றறிக்கைக்கும் பேருந்து நேரத்துக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மிச்சமான பணம் முழுவதையும், படிப்பவர் திரும்பக் கேட்க முடியாத அந்த இரண்டு மூன்று தாள்களுக்குக் கொடுங்கள்.